மூன்று தட்டுகள்

எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறையில் ஒரு பழைய இரும்பு பீரோ இருக்கிறது. அதன் கதவின் உள்பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். மேலே ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதங்கள், இடது ஓரத்தில் மூன்றே மூன்று வரிசைகள். பார்க்க வருகிற அதிகாரிகள் அதைக் கால அட்டவணை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. அது ஒரு வருடத்துக்கான அறிவியல் வரைபடம். எந்தக் கருத்து எந்த மாதத்தில் முதலில் வருகிறது, எப்போது திரும்ப வருகிறது, திரும்ப வரும்போது என்ன கூடியிருக்க வேண்டும் என்பதைக் காட்டுவது.

அதை வரையத் தூண்டியது ஒரு சிறுமியின் பதில்.

2020 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். மூன்றாம் பருவத்தில் 'நீர்' பாடத்தைத் தொடங்கியிருந்தேன். சீர்காழியிலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பள்ளி. பாதிப் பிள்ளைகள் வயல்காட்டு வீடுகளிலிருந்தும் மீதிப் பேர் மீனவர் தெருக்களிலிருந்தும் வருகிறார்கள். பாடத்துக்கு முன்னால் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு டம்ளர் தண்ணியில உப்பைப் போட்டுக் கலக்கிட்டேன். இப்ப உப்பு எங்க?" மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "கரைஞ்சு போச்சு டீச்சர். இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"காணாம போச்சு. ருசி மட்டுந்தான் இருக்கும்."

அன்று மாலை பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். செப்டம்பரில் முதல் பருவத் தேர்வில் அதே பெண் எழுதியிருந்தாள்: பருப்பொருள்கள் துகள்களால் ஆனவை, துகள்களுக்கு இடையே இடைவெளி உண்டு. முழு மதிப்பெண் போட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு 'நன்று' வேறு. நான்கு மாதத்தில் அந்தத் துகள்கள் எங்கே போயின? உப்பு காணாமல் போகவில்லை. நான் நடத்திய பாடம்தான் காணாமல் போயிருந்தது.

*

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. வருடத்துக்கு ஒரு தடித்த புத்தகம் என்பதற்குப் பதில் பருவத்துக்கு ஒரு மெல்லிய புத்தகம். பிள்ளைகளின் முதுகுச் சுமை குறைந்தது உண்மை. முழு வருடத்தையும் ஒரே தேர்வில் கொட்ட வேண்டிய பயமும் போனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்டோபரில் இரண்டாம் பருவப் புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பருவப் புத்தகம் பரண்மேல் போய்விடுகிறது, அல்லது கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகிறது. அதோடு அந்தப் பாடமும் 'முடிந்த பாடம்' ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எனக்கும்.

ஆறாம் வகுப்பின் மூன்று புத்தகங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் விரித்துவைத்துப் படித்தேன். முதல் பருவத்தில் 'நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்'. இரண்டாம் பருவத்தில் 'வெப்பம்', 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்', 'காற்று'. மூன்றாம் பருவத்தில் 'நீர்'. தனித்தனிப் பாடங்களாக நடத்தியபோது எனக்குத் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. இந்த ஐந்து பாடங்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றன, அவை நகர்கின்றன, விலகுகின்றன, சேர்கின்றன, ஆனால் அழிவதில்லை. புத்தகம் எழுதியவர்கள் அந்த நூலைக் கோர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நான்தான் மணிகளை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த யோசனை புதிதில்லை. 1959இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் விஞ்ஞானிகளும் உளவியலாளர்களும் கூடி, பள்ளியில் அறிவியலை எப்படிச் சொல்லித்தருவது என்று பேசினார்கள். அதற்குத் தலைமை வகித்த ஜெரோம் புரூனர் அடுத்த வருடமே அதையொட்டி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். எந்த அடிப்படைக் கருத்தையும் சிறு வயதிலேயே நேர்மையான ஒரு எளிய வடிவில் தரலாம், பிறகு திரும்பத் திரும்ப அதனிடம் வந்து ஒவ்வொரு முறையும் ஆழப்படுத்தலாம் என்பது அவர் வாதம். சுருள்வழிப் பாடத்திட்டம் என்று அதைச் சொல்வார்கள். மாடிப்படி சுற்றிச் சுற்றி ஏறுவதுபோல. அதே ஜன்னல் மறுபடி வரும், ஆனால் ஒரு மாடி மேலே நின்று பார்ப்போம்.

பி.எட். படிக்கும்போது இதை நான் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். எழுதினேன். மறந்தேன்.

*

கொரோனா எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. வரைபடத்தோடு நான் நடத்திய முதல் முழு வருடம் 2022-23. அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்கு முன்பே, மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். பள்ளி திறந்தபோது எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் குறுவைக்கான பேச்சு தொடங்கியிருந்தது.

முதலில் போட்ட வரைபடத்தில் இருபது வரிசைகள் இருந்தன. விசை, செல், காந்தம், உணவு, எல்லாமே திரும்ப வர வேண்டும் என்ற பேராசை. இரண்டு வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கிழித்துப் போட்டு மூன்று வரிசை மட்டும் வைத்தேன்: துகள், ஆற்றல், உயிருள்ளவை தங்கள் சூழலோடு. மற்றதெல்லாம் பாடம் வரும்போது நடத்தினால் போதும். இங்கே துகள் வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விஷயங்கள் எழுத இடம் விட்டேன். பிள்ளைகள் இப்போது என்ன சொல்கிறார்கள், அவர்கள் வாய்வார்த்தையிலேயே. நான் என்ன சேர்க்கப்போகிறேன். சேர்ந்ததா என்று பார்க்க எந்தக் கேள்வி. அடுத்து எந்த மாதம் இங்கே திரும்பி வருகிறேன். முதல் இடத்தை மட்டும் பாடம் நடத்துவதற்கு முன்னால் நிரப்ப வேண்டும், ஞாபகப்படுத்தாமல் கேட்டு. "போன பருவத்துல படிச்சோமே, துகள்கள்..." என்று எடுத்துக்கொடுத்தால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது.

ஜூலையில் முதல் தட்டு. நூறு மில்லி தண்ணீர் ஒரு டம்ளரில், பத்து கிராம் உப்பு ஒரு காகிதத்தில், இரண்டையும் சேர்த்து சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தேன். எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். உப்பைக் கொட்டிக் கலக்கி, வெறும் காகிதத்தையும் டம்ளரோடு வைத்தால் எடை என்ன ஆகும்? கை தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் பிள்ளைகள் 'குறையும்' என்றார்கள். தராசு அதே எண்ணைக் காட்டியது. "மெஷின் ரிப்பேர் டீச்சர்" என்றான் ஒருவன். இன்னொரு முறை செய்தோம். அதே எண். உப்பு தண்ணீருக்குள் எங்கோ இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொண்டது அந்தத் தராசுதான், பிள்ளைகள் பிறகுதான்.

பிறகு அந்தக் கரைசலை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். மறுநாள் பிற்பகல் தட்டில் வெள்ளைப் படிகம். சமையல் உப்பும் சாப்பாட்டுத் தட்டும் என்பதால் நக்கிப் பார்க்க விட்டேன். மற்ற சோதனைகளில் அது கூடாது என்றும் சொன்னேன். வரைபடத்தில் 'என்ன சேர்த்தேன்' என்ற இடத்தில் எழுதியது ஒரே வரி: உப்பு துகள்களாகப் பிரிந்து தண்ணீர்த் துகள்களுக்கு இடையில் போகிறது, எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை. அவ்வளவுதான் அந்தப் பருவத்துக்கு.

*

இரண்டாம் பருவம் 'வெப்பம்' பாடத்தோடு தொடங்கியது. வெப்பப்படுத்தினால் பொருள் விரிவடைகிறது. ஜாடி மூடி, தண்டவாளம், எல்லாம் சொன்னேன். பிறகு ஒரு படம் வரையச் சொன்னேன்: குளிர்ந்த இரும்பின் துகள்கள், சூடான இரும்பின் துகள்கள். பெரும்பாலான நோட்டுகளில் சூடான துகள்கள் குண்டாக இருந்தன. ஜூலையில் நான் கொடுத்த துகளை எடுத்து, அக்டோபரில் நான் சொன்ன விரிவடைதலை அதன்மேலேயே ஏற்றிவிட்டார்கள். அவர்கள் தர்க்கத்தில் தப்பே இல்லை. வீக்கம் என்றால் எல்லாமே வீங்க வேண்டியதுதானே.

கருத்து திரும்ப வருவது என்றால் ஏதோ பழையதற்கு மெருகு போடுவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. புதிய பாடம் பழையதை இடித்துத் தள்ளவும் செய்கிறது. தனித்தனியாக நடத்தும்போது இது கண்ணில் படாது. வெப்பம் பாடத்துத் தேர்வில் துகளைப் பற்றிக் கேள்வி வராது, மதிப்பெண் முழுசாக விழும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதிவைத்திருந்ததால்தான் மோதல் தெரிந்தது.

மைதானத்தில் கயிற்றை வட்டமாகப் போட்டு அதற்குள் பன்னிரண்டு பேரை நெருக்கமாக நிற்க வைத்தேன். முதலில் லேசாக ஆடச் சொன்னேன். பிறகு கையைக் காலை வீசிக் குதிக்கச் சொன்னேன். கயிறு தானாக வெளியே தள்ளிப் போனது. "இப்ப நீங்க குண்டாயிட்டீங்களா?" என்றேன். சிரித்தார்கள். "இல்ல டீச்சர், எடம் பத்தல." அந்த 'எடம் பத்தல'யை அப்படியே வரைபடத்தில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நவம்பர். 2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. சம்பா வயல்கள் எல்லாம் ஏரியாகிவிட்டன. எங்கே வரப்பு, எங்கே வாய்க்கால் என்று தெரியவில்லை. பள்ளிக்கு விடுமுறை. திறந்தபோது பல பிள்ளைகளின் புத்தகங்கள் நனைந்து ஊதியிருந்தன. இரண்டு பேருக்குப் புத்தகமே இல்லை. வரைபடத்தில் நவம்பர் கட்டம் காலியாகக் கிடந்தது. 'மாற்றங்கள்', 'காற்று' இரண்டையும் அவசரமாக முடிக்க வேண்டிய நிலை. "போர்ஷன் முடிஞ்சுதா?" என்ற கேள்வி எல்லாப் பக்கமிருந்தும் வரும் நாட்கள்.

கரைபொருள், கரைப்பான், கரைசல் என்று எழுதிப்போட்டு முடித்திருக்கலாம். ஆனால் கட்டத்தில் முன்பே எழுதி வைத்திருந்தேன்: இரண்டாவது தட்டு. மழை என்பதற்காக மாற்றாமல் அதே நூறு மில்லி, அதே பத்து கிராம், அதே தட்டு. மாடியில் வைக்க முடியாது, வகுப்பறை ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. மூன்றாம் நாளும் ஈரம்.

"ஏன் காயல?"

"வெயில் இல்ல டீச்சர்."

"ஜூலையில ராத்திரியில வெயில் இருந்துதா? அப்பவும் கொஞ்சம் குறைஞ்சுதே."

மௌனம். அப்போது அந்த வருடத்து மூன்றாம் பெஞ்சிலிருந்து, மீனவர் தெருவிலிருந்து வருகிற ஒரு பெண் சொன்னாள். "எங்க அம்மா மழைக்காலத்துல கருவாடு போட மாட்டாங்க. வெயில் அடிச்சாலும் காயாது, நாறிப்போயிடும். காத்துல தண்ணி இருக்குன்னு சொல்லுவாங்க."

காற்றில் தண்ணீர் இருக்கிறது. 'காற்று' பாடத்தில் நான் நீராவியை ஒரு பட்டியலில் கடைசிப் பெயராகச் சொல்லப்போகிறேன். அவள் அம்மாவுக்கு அது தொழில்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு பையன் கேட்டான், "உப்பு ஜாடியே மழைக்காலத்துல கசியுமே, அதனால இருக்குமோ?" நியாயமான சந்தேகம். உப்பாலா, காற்றாலா? இரண்டாவதாக ஒரு தட்டில் வெறும் தண்ணீரை அதே அளவு ஊற்றிப் பக்கத்தில் வைத்தோம். அதுவும் ஜூலை வேகத்தில் காயவில்லை. ஆக காற்று காரணம். ஆனால் அது ஒருவழியாகக் காய்ந்த பிறகும் உப்புத் தட்டு ஈரமாகவே இருந்தது. ஆக உப்பும் காரணம். அவர்கள் இருவர் சொன்னதும் சரி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை செறிந்த உப்புக் கரைசல் முழுதாகக் காயாது. எங்கள் ஊர் அடைமழை நாட்களில் அதற்கு மேல்தான் இருக்கும். கல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் எளிதாக ஈரத்தை இழுக்கும். அந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் போதும், அவர்கள் இருவரில் ஒருவரைத் தப்பு என்று சொல்லாமல் இருக்க.

ஜூலையில் சேர்த்தது: துகள் அழியாது. நவம்பரில் சேர்த்தது: துகள் வெளியே போக இடம் வேண்டும், போனதில் கொஞ்சம் திரும்பியும் வரும். அதே தட்டு, ஒரு மாடி மேலே.

*

ஜனவரி மூன்றாம் வாரம். ஞாபகப்படுத்தாமல் கேட்கும் கேள்வி. "காய்ஞ்ச தட்டுல இருந்த தண்ணி எங்க போச்சு?" யாரும் 'காணாம போச்சு' என்று சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன், ஒரு நிமிடம். "ஆக்ஸிஜனா மாறி காத்துல போயிடுச்சு" என்றார்கள் நாலைந்து பேர். காற்றில் ஆக்ஸிஜன் உண்டு என்று டிசம்பரில் நடத்தியிருந்தேன். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். உலகத்தில் பல நாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று பிறகு படித்தேன். கொதிக்கிற தண்ணீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் காற்று என்றும், ஆக்ஸிஜன் என்றும் பெரிய வகுப்புப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

அதனால் மூன்றாவது தட்டு தட்டாக இருக்க முடியவில்லை. அகலமான பாத்திரம், அதில் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு காலி டம்ளர், மேலே பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, டம்ளருக்கு நேர் மேலே தாளில் ஒரு கூழாங்கல். பிப்ரவரி வெயிலில் தாளின் உள்பக்கம் வியர்த்து, கல்லின் கீழே சேர்ந்து, சொட்டியது. சாயங்காலம் டம்ளரில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர்.

முதல் முறை அது உப்புக் கரித்தது. "பாருங்க டீச்சர், உப்பும் ஆவியாயிடுச்சு!" ஒரு வருட வேலையே கவிழ்ந்ததுபோல் இருந்தது. டம்ளரின் வெளி விளிம்பைப் பார்த்தபோது புரிந்தது. தூக்கி வைக்கும்போது பாத்திரம் தளும்பி உள்ளே தெறித்திருந்தது. காய்ந்த விளிம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் தெறித்தது என்று அர்த்தம். இன்னும் உயரமான டம்ளர் வைத்து, வெயில்படும் இடத்திலேயே நிதானமாகத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் திரும்பச் செய்தோம். இந்த முறை உப்பில்லை.

"ஆக்ஸிஜனா மாறியிருந்தா தாளுக்கு அடியில தண்ணி எப்படி வந்துச்சு?" கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். பதில் அவர்களுக்குள் ஒரு சண்டையாகப் போய், மணி அடித்த பிறகும் நடந்தது. தண்ணீர்த் துகள் தண்ணீர்த் துகளாகவேதான் போகிறது, வருகிறது.

அதே வாரங்களில் ஊரில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கத் தயங்குவார்கள். அதற்காக சாலையோரம் நெல்லைப் பரப்பிக் காத்திருந்த அப்பாவோடு ராத்திரி படுத்திருந்ததாக ஒரு பையன் சொன்னான். பனி இறங்குவதற்குள் தார்ப்பாய் போட்டு மூட வேண்டுமாம். "பனியில தண்ணி திரும்ப நெல்லுக்குள்ள போயிடும் டீச்சர், நம்ம ரெண்டாவது தட்டு மாதிரி." அதை நான் சொல்லித்தரவில்லை. சேர்ந்ததா என்று பார்க்க நான் எழுதிவைத்திருந்த கேள்வியை அடித்துவிட்டு அவன் வாக்கியத்தை எழுதினேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இது நடக்கவில்லை. வெள்ளத்தில் வீடு நனைந்து வாரக்கணக்கில் வராத சிலர் மூன்றாவது தட்டின்போதும் முதல் தட்டிலேயே நின்றார்கள். வரைபடம் அவர்களைச் சரிசெய்யவில்லை. அவர்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று காட்டியது, அவ்வளவுதான். முன்பு அதுவும் எனக்குத் தெரியாது.

*

ஏப்ரலில் சார்ட்டைக் கழற்றி ஏழாம் வகுப்பு ஆசிரியரிடம் காட்டினேன். அங்கே முதல் பருவத்திலேயே 'அணு அமைப்பு' வருகிறது. நாங்கள் வருடம் முழுக்கத் துகள் என்று மட்டும் சொன்னதை அங்கே உடைத்துத் திறக்கப்போகிறார்கள். என்ன நடத்தினேன் என்ற பட்டியலை நான் தரவில்லை. முதல் இடத்தில் எழுதியிருந்த வாக்கியங்களைத் தந்தேன்: 'காணாம போச்சு', 'எடம் பத்தல', 'ஆக்ஸிஜனா மாறிடுச்சு'. "இதைப் பாத்தா எங்க ஆரம்பிக்கணும்னு தெரியுது டீச்சர்" என்றார்.

கடைசி நாள் வகுப்பில் வருடத்தின் பெரிய கேள்வியைக் கேட்டேன். கடல் இவ்வளவு உப்பாக இருக்கிறது, அதிலிருந்து வருகிற மழை ஏன் உப்பாக இல்லை? பல கைகள் எழுந்தன. கருவாட்டைப் பற்றிச் சொன்ன பெண் சுருக்கமாகச் சொன்னாள்: "தண்ணி மட்டுந்தான் எழும்புது. உப்பு கீழயே நின்னுடுது." உட்காரப்போனவள் நின்றாள்.

"அப்ப எங்க தெரு அடிபம்புல ஏன் டீச்சர் கோடையில உப்புத் தண்ணி வருது? மழைத்தண்ணிதானே கீழ போயிருக்கு?"

ஆறாம் வகுப்பு வரைபடத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் மண்ணுக்கு அடியில் உள்ளே நகர்ந்து வருவதை விளக்க அடர்த்தி வேண்டும், அழுத்தம் வேண்டும். அதெல்லாம் அடுத்த வகுப்புகளில். சார்ட்டின் வலது ஓரத்தில், ஏப்ரலுக்கு அப்பால் இருந்த வெற்றிடத்தில் அவள் கேள்வியை அப்படியே எழுதி, ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தனுப்பினேன்.